தோசைக்கல் காத்திருக்கக் கூடாது

காலை எட்டரை மணிக்கு ஒரு சின்ன டிபன் கடையின் அடுப்படிக்குள் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பாருங்கள். இட்லி வெந்து கொப்பரையில் இருக்கிறது. பொங்கல் அண்டாவில் சூடாக இருக்கிறது. வடை தட்டில் குவிந்திருக்கிறது. சப்ளையர்கள் மட்டும் தோசைக்கல்லைப் பார்த்தபடி வெறும் தட்டோடு நிற்கிறார்கள். மற்ற பலகாரங்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். தோசையை வைத்தால் சில நிமிடங்களில் மொறுமொறுப்பு போய்த் துவண்டுவிடும், ஆர்டர் வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அதனால் கூட்ட நேரத்தில் அந்தக் கல் எவ்வளவு வேகமோ, கடையும் அவ்வளவு வேகம்தான். அடுப்படியை மாற்றி அமைக்க நினைப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கடி நீளம், இரண்டடி அகலமுள்ள கல்லில் ஒரு ஈட்டுக்கு ஆறு தோசை ஊற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தெளித்து, துடைத்து, மாவு ஊற்றித் தேய்த்து, எண்ணெய் விட்டு, சிவந்ததும் மடித்து எடுக்க நான்கு நிமிடம். அப்படியானால் மணிக்கு 15 ஈடு, 90 தோசை. இப்போது ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் மாஸ்டர் ஒரு நிமிடம் கல்லை விட்டு நகர்கிறார் என்று கொள்ளுங்கள். மசால் எடுக்கவோ, மாவு கொண்டுவரவோ, தட்டு தேடவோ போகிறார். ஈடு ஐந்து நிமிடமாகிறது. மணிக்கு 72 தோசைதான் வரும்.

பதினெட்டு தோசை குறைந்தது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். எட்டிலிருந்து ஒன்பதுக்குள் 100 தோசைக்கு ஆர்டர் வருகிறது என்றால், 90 ஊற்றும் கல்லில் மணி முடிவில் 10 தோசை பாக்கி. கடைசியாக வந்தவர் ஏறக்குறைய 7 நிமிடம் காத்திருப்பார். 72 ஊற்றும் கல்லில் பாக்கி 28. அவருக்கு 23 நிமிடம் ஆகும். ஈட்டுக்கு ஒரு நிமிடம் வீணானதற்கு, பசியோடு வந்தவர் கூடுதலாகக் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஒரு நிமிடம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். மாஸ்டரின் கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள். அவர் எத்தனை முறை கல்லை விட்டு அடியெடுத்து வைக்கிறார், எதற்காக என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சின்னக் கடைகளில் பதில் ஒன்றுதான்: மசால் சரக்கு மாஸ்டர் பக்கம் இருக்கும், தட்டு கழுவும் இடத்தில் இருக்கும், இரண்டாவது மாவுத் தூக்கு உள்ளறையில் இருக்கும்.

உடனே கல்லை இடம் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். கல்லுக்கு மேலே புகைபோக்கி, கீழே கேஸ் குழாய் என்று எல்லாம் பொருத்தியாகிவிட்டது. கல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மற்றவை அதைத் தேடி வரட்டும். வலது கைக்காரர் என்றால் மாவு வலப்புறம், குனியாமல் கரண்டி விடும் உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல். எண்ணெய், தண்ணீர், துடைக்கும் விளக்குமாறு கல்லின் ஓரத்திலேயே. மசால், பொடி, நறுக்கிய வெங்காயம் இடப்புறம், கை நீட்டினால் எட்டும் தட்டில். தோசையை எடுத்து வைக்கும் பக்கத்தில் காய்ந்த தட்டுகளின் அடுக்கு. மாவு, மசால் தீர்வதற்கு முன்பே நிரப்புவது உதவியாள் வேலை. மாஸ்டர் கேட்டு வாங்கும் நிலை வந்தாலே தாமதம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

செலவு செய்வதற்கு முன் சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் உணவகம் நடத்திய மெக்டொனால்ட் சகோதரர்கள், தங்கள் வீட்டு டென்னிஸ் தளத்தில் சாக்கட்டியால் அடுப்படியை முழு அளவில் வரைந்து, ஊழியர்களை அதில் வேலை செய்வதுபோல் நடக்கவிட்டு, இடிபடும் இடங்களை அழித்து அழித்துத் திருத்தினார்கள். நம் கடையில் இரவு அடைத்த பிறகு தரையிலேயே வரைந்து பார்க்கலாம். சுத்தமான தட்டு போகும் வழியும் எச்சில் தட்டு திரும்பும் வழியும் குறுக்கிட்டால் கோட்டில் தெரிந்துவிடும். சப்ளை ஜன்னலுக்கு ஒரு பக்கம் உணவு வெளியே போகவும், மறுபக்கம் எச்சில் தட்டு உள்ளே வரவும் விட்டால், பாதி மோதல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பொருள்கள் இடத்துக்கு வந்த பிறகும் கல்லில் வெற்றிடம் தெரிந்தால், ஆர்டர் சொல்லும் முறையில்தான் கோளாறு. "அண்ணே, ரெண்டு ரோஸ்ட், ஒரு பொடி!" என்று ஒருவர் குரல் கொடுப்பார். அது முடிவதற்குள் இன்னொருவர், "எனக்கு மசால் என்னாச்சுண்ணே?" என்பார். மாஸ்டர் ஆர்டர்களை நினைவில் வைத்துக்கொள்ளவும் பதில் சொல்லவுமே திணறுவார். யார் குரல் பெரியதோ அவர் தட்டு முதலில் போகும். இதற்குக் கணினி எல்லாம் தேவையில்லை. கண்ணுக்கு நேராக ஒரு கம்பி கட்டி, மேசை எண்ணோடு சீட்டுகளை இடமிருந்து வலமாக மாட்டினால் போதும். பார்சல் சீட்டு வேறு நிறத்தில் இருக்கட்டும். அடுத்த ஆறு தோசை எவை என்று மாஸ்டர் தானே பார்த்து, ஒரே வகையை ஒரே ஈட்டில் சேர்த்துக்கொள்வார்.

ஊத்தப்பத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். அது கனமானது, மிதமான சூட்டில் கூடுதல் நேரம் வேக வேண்டும். ரோஸ்ட்டுகளுக்கு நடுவில் ஊற்றினால் ஈடு முழுவதும் அதற்காகக் காத்திருக்கும். கல்லின் சூடு குறைந்த ஓரத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுவதே சரி. ரவா தோசைக்கும் நேரம் அதிகம். ஒரே கல் உள்ள கடை அதைக் கூட்டம் ஓய்ந்த பிறகு போடுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

அவசரத்தில் எல்லோரும் செய்வது தீயை ஏற்றுவது. அதனால் நேரம் மிச்சமாகாது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும், அடிப்பக்கம் கருகி மேல்பக்கம் வேகாது. தெளித்த தண்ணீர் சுர்ரென்று உடனே வற்றினால் சூடு சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது, தணிக்க வேண்டும்.

தோசையைத் தட்டில் வைத்ததோடு மாஸ்டரின் வேலை முடிந்துவிட வேண்டும். சட்னி, சாம்பார் விடுவதும் பார்சல் கட்டுவதும் வேறு கைகளுக்கு. பார்சல் சட்னியைக் கூட்டத்துக்கு முன்பே கட்டி வைப்பது நிறைய நேரத்தைக் காக்கும். ஆனால் தேங்காய்ச் சட்னி சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், அரை மணிக்குத் தேவையானதை மட்டும் கட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு நெரிசல் வேறு இடத்துக்கு நகரும். தோசை தட்டில் ஆறிக்கொண்டிருந்தால் சட்னி மேசையில் ஆள் போதவில்லை. தோசை கல்லிலேயே சிவந்து காத்திருந்தால் காய்ந்த தட்டு வரவில்லை, கழுவும் தொட்டிக்கு இன்னொரு கை வேண்டும். கல் முழுக்க நிறைந்து, எடுத்த தோசை உடனுக்குடன் வெளியே போய், அப்போதும் வரிசை நீண்டால், மணிக்கு 90 என்ற எல்லையை எட்டிவிட்டோம். அதற்கு மேல் இன்னொரு கல் வாங்கிப் போடுவதுதான் வழி. அதற்கு இடமில்லாத கடையில், "பொங்கல் சூடா இருக்கு, உடனே தர்றேன் சார்" என்று மேசையிலேயே சொல்லக்கூடிய சப்ளையர் வேண்டும்.