அழச் சொல்லாதீர்கள்

ஏழு வயதுச் சிறுமி பள்ளியிலிருந்து வருகிறாள். மதிப்பெண் அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளிக்கிறாள். அம்மா கேட்டதும், “இன்னும் தரலம்மா” என்று பொய் சொல்கிறாள். இப்படி ஒரு காட்சியை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் என்றால் ஒரே ஷாட்டில் முடித்துவிடலாம். குழந்தை என்றால் வருவது, ஒளிப்பது, பொய் சொல்வது என்று மூன்றாகப் பிரிப்பதே நல்லது. ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நீண்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற யோசனை அவள் முகத்தில் வந்துவிடும்.

விளக்கு, ஃபோகஸ் எல்லாவற்றையும் அவள் உயரத்துக்கு ஒருவரை உட்காரவைத்துச் சரிசெய்துவிட்டு, கடைசியில்தான் அவளைக் கூப்பிட வேண்டும். க்ளோஸ்-அப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். புத்துணர்ச்சி அப்போதுதான் இருக்கும். அந்த நேரத்தில் அம்மாவாக நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்வது அவசியம். அம்மாவின் ஷாட்டுகளை எடுக்கும்போது குழந்தை ஓய்வில் இருக்கலாம்.

“பயந்த மாதிரி முகத்தை வை” என்றால் கண்ணை உருட்டுவாள், அவ்வளவுதான். “அம்மா வர்றதுக்குள்ள ஒளிச்சிடு” என்றால் அது செய்யக்கூடிய வேலை. பதற்றம் தானாக வரும். ஒரு டேக்குக்கு ஒரு குறிப்பு போதும். அதையும் ஒருவர்தான் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து பெற்றோரும் சொல்லிக்கொடுத்தால் அவள் கண் அவர்களைத்தான் தேடும். ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரீடா பல படங்களில் குழந்தைகளிடம் திரைக்கதையையே கொடுக்கவில்லை. வசனத்தைப் படப்பிடிப்பின்போது வாயால் சொன்னார். அவருடைய ‘நோபடி நோஸ்’ படத்தில் நடித்த யூயா யாகிராவுக்கு 2004 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 14.

நாலாவது, ஐந்தாவது டேக்கில் குரல் ஒரே ராகத்துக்கு மாறும். எதிரில் இருப்பவரின் வசனத்துக்கும் அவள் உதடு அசையும். களைத்துவிட்டாள் என்பதற்கு இவையே அடையாளம். இன்னொரு டேக் கேட்காமல் விளையாட அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்ததும் அதே இடத்தில் தொடங்காமல் வேறு கோணத்தில் எடுத்தால் சலிப்புத் தெரியாது.

அழுகைக் காட்சிக்காக, “உன் நாய்க்குட்டி தொலைஞ்சுபோச்சு” என்று பொய் சொல்லி அழவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை; படத்துக்கும் தேவையில்லை. முதுகைக் காட்டி, சட்டைக் கையால் முகத்தைத் துடைக்கச் சொன்னால் பார்ப்பவருக்கு அழுகை புரிந்துவிடும்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குழந்தை நடிகர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்புக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். உங்கள் பிள்ளையை நடிக்க அழைத்தால், கதையைக் கேட்பதற்கு முன் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.