குலைந்த தொடரைக் கோக்கும் முறை

கருவேப்பிலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அத்தொழிலைக் கொண்டே, பிள்ளைகளின் இலக்கணப் பயிற்சியொன்றைக் காண்போம்: "சுட்டு, சந்தையில், தொழிலாளர்கள், சூளையில், விற்றனர், பொம்மைகளை."

முதற்சொல்லிலிருந்தே தொடங்கும் பிள்ளை தடுமாறும். முதலில் பயனிலையைத் தேடச் சொல்லுங்கள். 'சுட்டு', 'விற்றனர்' இரண்டும் வினைகளே, ஆயினும் 'சுட்டு' என்பதில் பொருள் முற்றுப்பெறவில்லை, அது எச்சம். 'விற்றனர்' என்பதே வினைமுற்று. அதனை இறுதியில் வைக்க. அதன் 'அர்' விகுதி பலரைக் குறித்தலால், எழுவாய் 'தொழிலாளர்கள்'. 'ஐ' உருபு பெற்ற 'பொம்மைகளை' செயப்படுபொருள்.

இனி, 'சுட்டு' என்னும் எச்சமே இரு செயல்களையும் இணைக்கும் சொல். சுடுமிடம் சூளை, விற்குமிடம் சந்தை. அவ்வவ் வினைக்கு முன் அவ்விடத்தை வைத்தால், "தொழிலாளர்கள் பொம்மைகளைச் சூளையில் சுட்டுச் சந்தையில் விற்றனர்" எனத் தொடர் அமையும். இங்கே சுட்டவரும் விற்றவரும் ஒருவரே.

'சுட்டு' என்பது 'சுட்ட' என்றிருப்பின் பெயரெச்சமாகும். அது ஒரு பெயரைத் தழுவியே நிற்கும். அப்போது, "சூளையில் சுட்ட பொம்மைகளைத் தொழிலாளர்கள் சந்தையில் விற்றனர்" என எழுதலாம். சுட்டவர் பிறராகவும் இருக்கக்கூடும். ஆதலின், சொற்களை அடுக்குமுன் எச்சத்தின் ஈற்றெழுத்தைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.