மூன்று நாளுக்கான கைப்பை

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழை, அந்நாட்டின் 75 ஆண்டு மழைக் கணக்கிலேயே மிகப் பெரியது. துபாய் விமான நிலையம் வெள்ளத்தில் தத்தளித்தது. விமானம் மாறுவதற்காக அங்கே இறங்கியவர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். சொந்தக்காரர்களோடு போய்ச்சேராமல் தங்கிவிட்ட பெட்டிகள் மட்டும் சுமார் 30,000 என்று எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க் பிறகு எழுதினார்.

சென்னையில் ஒப்படைத்த பெட்டியை இடைவழியில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தர மாட்டார்கள். அதனால் நீண்ட பயணத்தில் கைப்பையை மூன்று நாளுக்குக் கட்ட வேண்டும். பல விமானங்களில் அதற்குக் கிடைப்பது 7 கிலோதான்.

துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஆறு மாத மாத்திரையும் கைப்பையில் அடங்காது. பத்து நாள் மாத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஒரு நாள், தாமதத்துக்கு மூன்று நாள், போய்ச் சேர்ந்த பிறகும் பெட்டி வராவிட்டால் அதற்குச் சில நாள் என்பது கணக்கு. மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடாமல் அட்டையோடு வையுங்கள், பெயர் தெரியும். நம் ஊர் பிராண்டு பெயர் வெளிநாட்டு மருந்துக்கடையில் புரியாது என்பதால், மருந்தின் மூலப்பெயரை எழுதிய சீட்டை டாக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் எப்போதும் கையோடுதான் வர வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்துவிட்டால் அது வேலை செய்யாது. உருகிய பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியாமலும் போகலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் போட்டுப் பழகியவர், விமானம் ஏறியதும் சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். விமானமோ ஓடுபாதை ஓரத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிறது. சர்க்கரை இறங்கி வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது. சாப்பாட்டுத் தட்டு கண்முன் வந்த பிறகே அந்த மாத்திரையை எடுக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ உடனே தர வேண்டும். கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி தர வேண்டும். பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் பொட்டலம் இருக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் நேர வித்தியாசத்துக்கு ஏற்ற அளவைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்று: விமானம் ரத்தாகி ஹோட்டலில் தங்கவைத்தால், நீங்கள் குடியேற்றச் சோதனை கடந்து அந்த நாட்டுக்குள்ளேயே போகிறீர்கள். நம் ஊர் இருமல் மருந்து சிலவற்றில் கோடீன் உண்டு. அமீரகத்தில் அதற்கும் டிரமடாலுக்கும் கடும் கட்டுப்பாடு இருக்கிறது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வரலாம்; பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி என்பதால் தப்பிவிடும், ஆனால் அளவு அதன் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான் அனுமதிக்கிறது, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. எனவே இருக்கையில் உள்ள யுஎஸ்பி துளைதான் கதி. பழைய விமானங்களில் அது அகலத் துளையாக இருக்கும், இரு முனையும் டைப்-சி ஆன கேபிள் அதில் நுழையாது. துபாய் பிளக் பாயிண்டில் மூன்று சப்பட்டை முள், அமெரிக்காவில் இரண்டு. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டரைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

மேலே இடமில்லை என்று விமான வாசலில் கைப்பையையும் வாங்கிக் கீழே அனுப்பிவிடுவது உண்டு. அப்போது பவர் பேங்க் அதில் இருக்கக் கூடாது, மருந்து இருந்தால் அதுவும் போய்விடும். மருந்து, பவர் பேங்க், சார்ஜர், கண்ணாடி, பாஸ்போர்ட், மகள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் கைப்பையின் மேலாக வைத்தால், ஒரே இழுப்பில் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.

துணிக்கு ஒரு செட் மாற்றுடையும் மூன்று உள்ளாடையும் போதும். பருத்தி காய நேரமாகும். ராத்திரி ஹோட்டலில் அலசிப் போட்டால் காலையில் காயும் சிந்தெடிக் துணியே சரி. சால்வையும் சாக்ஸும் உடம்பிலேயே வரட்டும், எடைக் கணக்கில் சேராது.

தின்பண்டத்தில் ஊறுகாய், தயிர் சாதம் போன்றவை திரவக் கணக்கில் மாட்டும். 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். நல்லெண்ணெயில் பொடி தடவிய இட்லி முதல் நாளைத் தாங்கும். அடுத்த நாட்களுக்கு வறுத்த கடலை, முறுக்கு, பேரீச்சை. காலி பாட்டிலைச் சோதனை தாண்டியதும் நிரப்பிக்கொள்ளலாம். வாழைப்பழமோ ஆப்பிளோ மிஞ்சினால் அமெரிக்காவில் இறங்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள். பையில் மறந்து வைத்த ஒரு பழத்தைச் சொல்லாமல் கொண்டுபோனாலும் சுங்கத்தில் அபராதம் விழலாம்.