ராத்திரி படத்தில் பகல் முகம்

ரிசப்ஷன் மேடையில் குடும்பமே வரிசையாக நிற்கிறது. எல்லோரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். தாத்தா மட்டும் ஃபிளாஷ் வெட்டிய நொடியில் கண்ணை மூடிவிட்டார். மறுநாள் காலை, மஞ்சள் துணிப் பந்தலுக்குக் கீழே எடுத்த படத்தில் அவரே வாய்விட்டுச் சிரிக்கிறார். "அந்த முகத்தை இங்க வெச்சுடுங்க தம்பி" என்று வீட்டார் கேட்பதும், ஆல்பம் வடிவமைப்பவர் தலையாட்டுவதும் கல்யாண சீசனில் சகஜம்.

வெட்டி ஒட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஒட்டினது தெரியாமல் செய்வதற்குத்தான் ஆகும்.

முதலில் முகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமரா மேல் பொருத்திய ஃபிளாஷ் நேராக எதிரிலிருந்து அடிக்கும். பக்கவாட்டு வெயிலில் ஒரு கன்னம் இருண்ட முகத்தை எடுத்தால், எந்த வண்ணத் திருத்தமும் காப்பாற்றாது. பந்தல் துணி வெளிச்சத்தைப் பரப்பிவிட்டதால் தாத்தாவின் முகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முகத்தைப் பொருத்தியதும் அது மஞ்சளாகத் தெரியும். உடனே முகம் முழுக்க நீலத்தைக் கூட்டிவிடுவார்கள் பலர். தப்பு நடப்பது அங்கேதான். ஃபிளாஷ் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், பகல் வெள்ளை. மேடையைச் சுற்றியுள்ள மஞ்சள் பல்புகள் 3000 கெல்வின் அளவில். ஃபிளாஷ் பட்ட நெற்றியும் கன்னமும் வெள்ளையாக இருக்க, அது எட்டாத தாடைக்கு அடியிலும் காதுப் பின்புறத்திலும் பல்பின் ஆரஞ்சு நிறம் தேங்கி நிற்கிறது. ஒரே முகத்தில் இரண்டு நிறச் சாயல்.

இதற்குச் சாட்சி அதே படத்தில் இருக்கிறது: தாத்தாவின் கழுத்து. போட்டோஷாப்பில் நிறம் எடுக்கும் கருவியை 5 by 5 Average என்று வைத்துக்கொண்டு கழுத்தில் வெளிச்சமான இடத்தைத் தொட்டால், உதாரணத்துக்கு, சிவப்பு 212, பச்சை 176, நீலம் 154 என்று காட்டுகிறது என்று வைப்போம். ஒட்டிய கன்னத்தில் 206, 168, 128. அதாவது வெளிச்சத்தில் நீலம் குறைவு. தாடை நிழலிலோ கழுத்து 64, 38, 18 காட்ட, ஒட்டிய முகம் 66, 46, 38 காட்டுகிறது. அங்கே நீலம் அதிகம்! ஆகவே முக லேயருக்கு மட்டும் ஒரு Curves போட்டு, Blue கோட்டை மேல் பக்கம் உயர்த்தி, கீழ்ப் பக்கம் இறக்க வேண்டும். பச்சையையும் அப்படியே லேசாகத் தட்டிக்கொள்ளலாம்.

நிறம் ஒத்துப்போன பிறகும் முகம் பிளாஸ்டிக் பொம்மை போலத் தனியே நிற்கும். காரணம் நாய்ஸ். இரவுப் படம் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்தது. சட்டை, கழுத்து, பின்திரை எங்கும் மணல் தூவினாற்போல் புள்ளிகள். காலைப் படம் ஐஎஸ்ஓ 200. போதாக்குறைக்கு, பெரிய முகத்தைச் சுருக்கும்போது பல பிக்சல்கள் கலந்து ஒன்றாகி, இருந்த கொஞ்சப் புள்ளியும் மழுங்கிவிடும்.

எவ்வளவு சேர்ப்பது? கண் மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம். கழுத்தில் ஒரே சீராகத் தெரியும் ஒரு சிறு துண்டைத் தேர்வு செய்து Histogram பலகையை விரித்தால் Std Dev என்று ஓர் எண் இருக்கும். அங்கே 7, கன்னத்தில் அதே வெளிச்சமுள்ள துண்டில் 2 என்றால், 2-ஐ 7-க்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும் இடத்தை அளந்தால் எண் பொய்யாக ஏறிவிடும்.

50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை Overlay முறையில் முகத்துக்கு மேல் வைத்து, அதில் Add Noise, Gaussian கொடுப்பது வசதி, பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். ஆனால் இந்தப் புள்ளிகள் ஒற்றைப் பிக்சல் அளவில் ஊசிமுனைபோல் இருக்கும். கேமராவின் புள்ளிகள் இரண்டு மூன்று பிக்சலுக்குப் பரவியவை. அரை பிக்சல் அளவு Gaussian Blur கொடுத்தால் அந்தக் கூர்மை அடங்கும். அப்போது எண்ணும் இறங்குவதால் மறுபடி அளந்து கூட்ட வேண்டியிருக்கும். நிழலில் சிவப்பு, பச்சைத் திட்டுகள் தெரிகிற படமாக இருந்தால் Monochromatic டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இந்த வரிசை மாறக்கூடாது: அளவு, நிறம், கடைசியில் நாய்ஸ். முன்னாலேயே புள்ளி தூவிவிட்டு Curves-ஐ இழுத்தால், நிழலில் புள்ளிகள் தடித்துத் திட்டுத்திட்டாகும். முடிந்ததும் 100 சதவீத அளவில் ஒவ்வொரு வண்ண அடுக்காகத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். பெரும்பாலும் நாய்ஸ் அதிகம் நீல அடுக்கில்தான். வண்ணத்தில் தப்பிய ஒட்டு அங்கே விளிம்போடு பளிச்சென்று மாட்டும்.

நாளைக்கே ஆல்பம் அச்சுக்குப் போகிறது, நேரமில்லை என்றால் நிறத்தை மட்டுமாவது முடித்துவிடுவது நல்லது. 12க்கு 36 அங்குல ஆல்பம் தாளில் குழுப்படத்து முகம் கட்டைவிரல் அளவுதான் வரும். அந்த அளவில் புள்ளி வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும், மஞ்சள் தாடை கரையாது. அதே படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கேட்டால்தான் நாய்ஸ் வேலையை விட முடியாது.