நேரம் மாற்றிக் கேட்கும் கடிதம்

சென்னையில் ஓர் அலுவலகம். வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. அங்கே வேலை பார்க்கும் மகள், செவ்வாயும் வெள்ளியும் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். ஒருமுறை என்றாலே சுமார் 4 மணி நேரம்.

"கொஞ்சம் சலுகை காட்டுங்கள்" என்று எழுதினால் மனிதவளத் துறையால் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த நாள், எத்தனை மணி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தியத் தனியார் நிறுவனங்களில் இது பொதுவான சட்ட உரிமையும் அல்ல. நிர்வாகம் சம்மதித்தால்தான் உண்டு. ஆகவே முதலில் மேலாளரிடம் பேசிவிட்டு, கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"அப்பாவின் சிகிச்சைக்காக வேலை நேரத்தை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திங்கள், புதன், வியாழன்: 9.30 – 6.30
செவ்வாய், வெள்ளி: 11.30 – 8.30

மொத்த நேரம் குறையாது. தினமும் 11.30 முதல் 6.30 வரை குழுவோடு இருப்பேன். செவ்வாய் காலைக் கூட்டத்தை 12 மணிக்கு மாற்ற மேலாளர் சம்மதித்துள்ளார். 2026 ஜூலை 6 முதல் தொடங்கி, ஆகஸ்ட் 31 அன்று பரிசீலிக்கலாம்."

காரணத்துக்கு ஒரு வரி போதும். மருத்துவ அறிக்கையைக் கேட்டால் கொடுக்கலாம். பரிசீலனைத் தேதி இருந்தால், நிரந்தரமாக ஒப்புக்கொள்கிறோமோ என்ற தயக்கம் நிர்வாகத்துக்குக் குறையும். அன்று எதைப் பார்ப்பது என்பதையும் எழுதிவிடுங்கள்: தவறிய கெடு, காலையில் பதில் கிடைக்காமல் தேங்கிய வேலை. சம்மதம் வாய்மொழியாக வந்தால், அன்றே மின்னஞ்சலில் உறுதி கேளுங்கள். மேலாளர் மாறினால் அந்த எழுத்துதான் கைகொடுக்கும்.