மூன்று நிமிட இரங்கல் உரை

பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர் மறைந்தால், சில நாள்களில் ஓர் இரங்கல் கூட்டம் நடத்துகிறோம். படத்திற்கு மாலை அணிவித்து, மௌன அஞ்சலி செலுத்திய பிறகு நான்கைந்து பேர் பேசுவார்கள். “நல்ல மனிதர், கடின உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகியவர், அவரது மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு” என்றே பெரும்பாலான உரைகள் அமைந்துவிடுகின்றன. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் இதே உரை வேறு எவருக்கும் பொருந்திவிடும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தினர் புதிதாக எதையும் கேட்காமலேயே வீடு திரும்புகிறார்கள்.

எங்கள் பள்ளியின் அலுவலக உதவியாளர் பணியில் இருக்கும்போதே மறைந்தார். அவரைப் பற்றி மூன்று நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் என்னிடம் கூறினார். அன்றிரவு நான் எழுதியதும் மேலே சொன்னது போன்ற உரைதான். அதைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதியபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

எதைப் பேசுவது?

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பது குடும்பத்தினருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை அவர் எப்படி இருந்தார் என்பதைத்தான் அவர்கள் பார்த்ததில்லை. அதை நம்மால் மட்டுமே சொல்ல முடியும். ஆகவே இரங்கல் உரைக்கு உரிய பொருள், அவர் தம் வேலையைச் செய்த விதம்.

மூன்று நிமிடத்தில் ஒரு நிகழ்ச்சியைத்தான் முழுமையாகச் சொல்ல இயலும். நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு 80 முதல் 100 சொற்கள் வரும். துக்கமான கூட்டத்தில் இடையிடையே நிறுத்தவும் நேரும். 200 சொற்களுக்கு எழுதிக்கொண்டால் போதும். அதற்குள் ஐந்து நிகழ்ச்சிகளை அடுக்கினால் எதுவும் கேட்பவர் மனத்தில் நிற்காது.

நிகழ்ச்சியைத் தேட நான் என்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: அவர் இல்லாததால் இந்த வாரம் எந்த வேலை நின்றுபோனது? விடை உடனே கிடைத்தது. பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றைத் தேடி நாங்கள் ஒரு நாள் முழுவதும் அலைந்திருந்தோம்.

சரிபார்த்தல்

நினைவை மட்டும் நம்பிப் பேசக் கூடாது என்பதை இரண்டு இடங்களில் உணர்ந்தேன். அவருடைய பணிக்காலம் 32 ஆண்டுகள் என்று எல்லோரும் சொன்னோம். பணிப்பதிவேட்டில் 29 என்று இருந்தது. விசாரித்தபோது, முதல் மூன்று ஆண்டுகள் அவர் தற்காலிகப் பணியாளராக இருந்தது தெரிந்தது. 29 என்று மட்டும் சொல்லியிருந்தால், குறைந்த கூலிக்கு உழைத்த அந்த மூன்று ஆண்டுகளை நாங்கள் மறந்துவிட்டதாகக் குடும்பத்தினர் வருந்தியிருப்பார்கள்.

இரண்டாவது, நான் சொல்ல நினைத்த நிகழ்ச்சி. அவர் பதிவேட்டைச் சில நிமிடங்களில் எடுத்துக் கொடுத்ததாக என் நினைவு. உடனிருந்த இளநிலை உதவியாளரிடம் கேட்டேன். “இல்லை சார், அன்னைக்குக் கிடைக்கல. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து தேடினார்” என்றார். என் நினைவைவிட நடந்தது சிறப்பாக இருந்தது.

தவிர்த்தவை

அவருடைய நோய், சிகிச்சை, கடைசி நாள்கள் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அவை குடும்பத்தினர் விரும்பினால் அவர்களே சொல்ல வேண்டியவை. பிறந்த தேதி, பணியில் சேர்ந்த நாள் முதலிய விவரங்களைத் தலைமையாசிரியர் முன்னுரையில் வாசிப்பார் என்பதால் அவற்றையும் விட்டேன். பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவோம், வாரிசு வேலை வாங்கித் தருவோம் என்ற வாக்குறுதிகளை மேடையில் தரவே கூடாது. உணர்ச்சியில் சொல்லிவிடுவோம், நம்பிக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

சொற்களிலும் கவனம் தேவை. ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘ஆன்மா சாந்தி அடையட்டும்’ போன்ற தொடர்கள் எல்லாக் குடும்பத்தின் நம்பிக்கைக்கும் ஒத்துவருவதில்லை. ‘மறைந்தார்’, ‘காலமானார்’ ஆகியவை எவரையும் உறுத்தாதவை.

பேசிய உரை

“அனைவருக்கும் வணக்கம். அண்ணன் இந்தப் பள்ளியில் முதலில் மூன்று ஆண்டுகள் தற்காலிகப் பணியாளராகவும், பிறகு 29 ஆண்டுகள் அலுவலக உதவியாளராகவும் இருந்தார். அதில் ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓர் அம்மா மாற்றுச் சான்றிதழின் இரண்டாம் படி கேட்டு வந்தார். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டு படித்தார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆண்டு தெரியாமல் தேட முடியாது என்று நாங்கள் சொல்லிவிட்டோம்.

அண்ணன் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: ‘நீங்க படிச்சது ஓட்டுக் கட்டடத்துலயா, புதுக் கட்டடத்துலயா? வாசல்ல புளியமரம் இருந்ததா? அப்ப பெரிய சார் யாரு?’ மூன்று பதில்களில் அது எந்த நான்கு ஆண்டுகளுக்குள் இருக்கும் என்று கண்டுகொண்டார்.

அன்று மாலை நாம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். அவர் அந்த நான்கு பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வீட்டில் இருப்பவர்களுக்கு அன்று அவர் ஏன் தாமதமாக வந்தார் என்று தெரிந்திருக்காது. காரணம் இதுதான். மறுநாள் அந்த அம்மா வந்தபோது பதிவேடு மேசையில் திறந்திருந்தது.

பதிவேட்டு அலமாரியில் ஒட்டியிருக்கும் ஆண்டுச் சீட்டுகள் எல்லாம் அவர் கையெழுத்து. சான்றிதழ் கேட்டு யார் வந்தாலும், அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எடுத்துக் கொடுக்கப் போகிறோம். நன்றி.”

அந்த அம்மாவுக்கு வேலை கிடைத்தது என்று முடித்தால் நன்றாக இருக்குமே என்று முதலில் தோன்றியது. கிடைத்ததா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எனவே அதைச் சேர்க்கவில்லை.

பேசும்போது

பேசும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். எந்த வரியில் குரல் தழுதழுக்கிறது என்பதும் அப்போது தெரியும். எனக்கு அது தாமதமாக வந்த மாலையைப் பற்றிய வரி. அதற்கு முன் நிறுத்தி மூச்சு விடுவதற்காகத் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மனப்பாடமாகப் பேச முயல வேண்டாம். தாளைப் பார்த்துப் படிப்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் குறையாக எண்ணுவதில்லை.

கூட்டம் முடிந்ததும் அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தார். “அந்த அலமாரி எது சார்?” என்று கேட்டார். காட்டினோம். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு சிறிது நேரம் அங்கேயே நின்றார்.