திருவிழா ஒலிபெருக்கி: வரம்பு எவ்வளவு, புகார் எப்படி?

பங்குனித் திருவிழாக்களும் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரே வாரங்களில் வருகின்றன. கோயில் பந்தலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே பாடத் தொடங்கும்போது, பக்கத்துத் தெரு மாணவருக்குப் படிப்பும் கெடுகிறது, தூக்கமும் கெடுகிறது. இதற்குச் சட்டத்தில் தெளிவான வரம்பு உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

உடலுக்கு என்ன ஆகிறது?

காது உறங்குவதில்லை. ஆழ்ந்து தூங்குபவர் விழிக்காவிட்டாலும், திடீர்ச் சத்தம் கேட்டால் இதயத்துடிப்பு கூடுகிறது, தூக்கத்தின் ஆழம் குறைகிறது. படித்தது மனத்தில் பதிவதற்கு ஆழ்ந்த தூக்கம் தேவை. அதனால் இரவுச் சத்தத்தின் இழப்பு மறுநாள் தேர்வறையில் தெரிகிறது. இதய நோயாளிகள், முதியவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோரை இது இன்னும் கடுமையாகத் தாக்கும்.

ஸ்பீக்கருக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கேட்கும் திறனே குறையலாம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழில்நலத் துறையில் பின்பற்றப்படும் ஓர் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். ஸ்பீக்கரை ஒட்டி அமர்த்தப்படும் சிறுவர்களை உடனே தள்ளி உட்கார வைப்பது நல்லது. நிகழ்ச்சி முடிந்தபின் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் நீடித்தால் அது எச்சரிக்கை அறிகுறி.

வரம்பு எவ்வளவு?

குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கு வரம்பு 50, 40. தேர்வுக் காலத்துக்கென்று தனி வரம்பு இந்த விதிகளில் இல்லை. மாணவர் வீட்டில் படிக்கும்போது குடியிருப்பு வரம்பே அவருக்குப் பாதுகாப்பு.

ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். பொது இடத்தின் எல்லையில் அதன் ஒலி, அப்பகுதி வரம்பைவிட 10 டெசிபல் அதிகமாக இருக்கலாம், ஆனால் எங்கும் 75-ஐத் தாண்டக்கூடாது. மூடிய அரங்கங்களைத் தவிர, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் இரவு 12 வரை தளர்வு தரலாம். அந்த நாள்களிலும் நள்ளிரவுக்குப் பின் ஒலிக்க உரிமையில்லை.

கணக்கு சொல்வது

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு குழாய் ஸ்பீக்கர் 10 மீட்டரில் 90 டெசிபல் தந்தால், 20 மீட்டரில் 84, 40-இல் 78, 80-இல் 72, 160 மீட்டரில் 66. அதாவது இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலும் அது பகல் வரம்பைவிட 11 டெசிபல் கூடுதல். நடுவில் கட்டடம் இருந்தால் குறையும். குழாய் நேராக வீட்டைப் பார்த்திருந்தால் இந்தக் கணக்குக்கு நெருங்கிவரும். பல நேரங்களில் குழாயின் திசையை மாற்றி, உயரத்தைக் குறைத்து, ஒலியைத் தணித்தாலே பாதித் தொல்லை தீரும். மைக் செட்காரரிடமும் விழாக் குழுவினரிடமும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

புகார் கொடுக்கும் வழி

விதிகளின்படி பகலில் ஒலி வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். இரவுத் தடை மீறப்பட்டால் அளவுகோலே தேவையில்லை, கடிகாரமே போதும். பலர் கருவி இல்லையே என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையற்ற தயக்கம்.

உடனடியாக 112 அல்லது 100-ஐ அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எழுத்துப்பூர்வமாக மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது துணைக் கண்காணிப்பாளரிடம் மனு தரலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும் ஒரு வழி. இடம், தேதி, ஒலிபெருக்கி தொடங்கிய நேரம், நின்ற நேரம், வீட்டிலிருந்து தூரம், அருகில் பள்ளியோ மருத்துவமனையோ இருந்தால் அதன் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். நேரம் தெரியும் வீடியோவை இணைத்து, ஒப்புகை பெறுவது அவசியம். அனுமதிக் கடிதத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கைபேசிச் செயலியின் டெசிபல் அளவு துல்லியமான சான்றாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டைக் கோருவதே பலன் தரும்.

இதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் உண்டு. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் ஒரு தேவாலய ஒலிபெருக்கிமீது வாரியத்திடம் புகார் செய்து, உயர்நீதிமன்றம் வரை சென்றது. அப்பகுதி இரைச்சலில் வாகனங்களுக்கும் பங்கிருப்பது அந்த வழக்கில் பேசப்பட்டது. அதனால் ஒலிபெருக்கி ஓடும்போதும் நின்றபின்பும் அளப்பது நல்லது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என அதே வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், அரசியல் மேடை எதுவானாலும் வரம்பு ஒன்றே.